ஆச்சியின் ‘நேற்று’: காதுக்குப் பிடிபடாத ஓர் ஒலியை எழுதுவது எப்படி?

தொடக்கப் பள்ளியிலேயே நாம் மனப்பாடம் செய்த வரிசை இது: க, ச, ட, த, ப, ற. வல்லினம் ஆறு. இவற்றில் ‘பக்கம்’, ‘பட்டம்’, ‘பத்து’, ‘அப்பம்’ ஆகியவற்றைச் சொல்லிப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் மூச்சு ஓரிடத்தில் முழுமையாக அடைபட்டு, பிறகு விடுபடும். ‘பச்சை’யிலும் ஆரம்பத்தில் ஓர் அடைப்பு உண்டு. இப்போது ‘அறை’ என்று சொல்லுங்கள். நம்மில் பெரும்பாலோர் வாயில் மூச்சு அப்படி அடைபட்டு நிற்காது. நாக்கு நுனி மேலே ஒரு தட்டுத் தட்டிவிட்டு இறங்கிவிடும். அப்படியென்றால் ற ஏன் இடையினத்தில் ர-வுக்குப் பக்கத்தில் இல்லாமல், வல்லினத்தில் இருக்கிறது?

ற் ஒரு காலத்தில் மூச்சை அடைத்து விடும் ஒலியாக இருந்தது என்பதுதான் விடை. அந்த அடைப்பு முழுதாக மறைந்துவிடவும் இல்லை. ற் இரட்டிக்கும் இடங்களில், அதாவது நேற்று, காற்று, வெற்றி போன்ற சொற்களில், சில வட்டாரப் பேச்சுகளில் அது இன்னும் இருக்கிறது. யாழ்ப்பாணத் தமிழ் அவற்றில் ஒன்று. சிங்கப்பூரில் யாழ்ப்பாணத்து வேர் கொண்ட குடும்பங்கள் பல தலைமுறைகளாக இருப்பதால், இந்த ஒலியைக் கேட்க நாம் கடல் தாண்ட வேண்டியதில்லை.

மொழியியலில் களப்பணி என்றால் என்ன, ஒலியை எழுதுவது என்றால் என்ன என்பதை இந்த ஓர் ஒலியை வைத்தே விளக்கப் பார்க்கிறேன். அதற்கு ஒரு சின்னக் கதை. கதையில் வரும் இருவரும் கற்பனை. ஒலியும் கருவிகளும் வழிமுறைகளும் உண்மை.

அவள் சிங்கப்பூரில் பிறந்து வளர்ந்த மொழியியல் ஆய்வாளர். தாத்தா தஞ்சாவூர்ப் பக்கம். தோ பாயோவில் ஒரு வீவக வீட்டுக்குப் பதிவுக் கருவியோடு போயிருக்கிறாள். அங்கே இருப்பவர் எண்பத்தைந்து வயதைத் தாண்டிய ஆச்சி. யாழ்ப்பாணத்திலிருந்து கல்யாணமாகிக் கப்பலில் வந்தவர். சிலோன் ரோட்டு செண்பக விநாயகர் கோயிலுக்கு இன்னமும் போய்வருபவர்.

பதிவு தொடங்குவதற்கு முன்பே வேலை இருக்கிறது. அவள் மின்விசிறியை நிறுத்தச் சொல்கிறாள். புழுக்கம்தான், ஆனால் வேறு வழியில்லை. அடைப்பொலி ஒன்று விடுபடும்போது வரும் சின்ன வெடிப்பு சில மில்லி விநாடிகள்தான் நீடிக்கும். விசிறியின் இரைச்சல் அதை அப்படியே மூடிவிடும். ஒலிவாங்கியைத் தலையில் மாட்டி, வாயின் ஓரத்துக்குச் சில சென்டிமீட்டர் தள்ளி வைக்கிறாள். நேர் எதிரே வைத்தால் மூச்சுக்காற்று அதில் மோதி ‘புஸ்’ என்று விழும். கோப்பு வேவ் வடிவில், விநாடிக்கு 48,000 மாதிரிகள், 24 பிட். கைப்பேசியில் அனுப்பும் குரல்செய்தி போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. அது இடத்தை மிச்சப்படுத்த ஒலியைச் சுருக்குகிறது. முதலில் பலியாவது மேல் அலைவரிசை. இந்தக் கதையில் நமக்கு வேண்டிய தடயங்களில் ஒரு பங்கு அங்கேதான் இருக்கிறது.

ஆச்சி பேச ஆரம்பிக்கிறார். நேற்றுக் கோயிலில் கண்ட பழைய சிநேகிதி, அன்றைக்கு அடித்த காற்று, மழை. ‘நேற்று’ என்ற சொல் வந்ததும் அவள் பேனா நிற்கிறது.

அவள் வீட்டில் அது ‘நேத்து’. செய்தி வாசிப்பவர்கள் வாயில் அது ஏறத்தாழ ‘நேட்ரு’. ஆச்சி சொன்னது இரண்டும் இல்லை. ர் எதுவும் கேட்கவில்லை. த் என்று எழுதினால் கொஞ்சம் கூர்மையாக இருக்கிறது. ட் என்று எழுதினால் அந்த அளவுக்குக் கனம் இல்லை. மறுபடி ஓடவிட்டுக் கேட்கிறாள். ஒரு முறை த் போல இருக்கிறது, அடுத்த முறை ட் போல இருக்கிறது.

‘ற்ற’ என்றே எழுதிவிட்டுப் போகலாமே என்று தோன்றலாம். கூடாது என்பதற்குக் காரணம் இருக்கிறது. ‘நேற்று’ என்ற எழுத்தைப் படிக்கும் ஒவ்வொருவரும் அவரவர் வழக்கப்படிதான் ஒலிப்பார்கள். ஆச்சியின் வாயில் என்ன நடந்தது என்பதை அந்த எழுத்து சொல்லாது. அதனால்தான் மொழியியலாளர்கள் சர்வதேச ஒலிப்பு எழுத்துகளைப் பயன்படுத்துகிறார்கள். 1886-ல் பாரிசில் தொடங்கிய ஒரு சங்கம் 1888-ல் அதன் முதல் வடிவத்தை வெளியிட்டது. ஒரு குறி என்றால் ஓர் ஒலிப்பு முறை, எந்த மொழியானாலும் அப்படித்தான் என்பது அதன் அடிப்படை.

அந்த அட்டவணையில் இல்லாத ஒலியும் இருக்க முடியுமா? முடியும். கீழ் உதட்டை உள்ளே இழுத்து மேல்பற்களில் உரசி வெளியே சுண்டிவிடும் ஓர் ஒலி மத்திய ஆப்பிரிக்க மொழிகள் பலவற்றில் உண்டு. அதற்கென்று ⱱ என்ற குறி 2005-ல்தான் சேர்க்கப்பட்டது. ஆனால் அப்படிப்பட்ட சந்தர்ப்பம் அபூர்வம். களத்தில் பெரும்பாலும் குறி தயாராக இருக்கும், கேட்பவரின் காதுதான் தயாராக இருக்காது. ஆச்சியின் ஒலிக்கும் குறி இருக்கிறது. எந்தக் குறி என்று தீர்மானிக்க அவளால் முடியவில்லை, அவ்வளவுதான்.

காது ஏன் இப்படிக் கைவிடுகிறது? ஜேனட் வெர்க்கர், ரிச்சர்ட் டீஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 1984-ல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல விளக்கம். ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகளுக்கு இந்தி மொழியின் த, ட ஒலிகளைக் கேட்க வைத்தார்கள். ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைகள் பெரும்பாலும் வேறுபாட்டைக் கண்டுகொண்டன. பத்து முதல் பன்னிரண்டு மாதத்தில் அந்தத் திறன் பெரிதும் குறைந்துவிட்டது. தன்னைச் சுற்றிப் பேசப்படும் மொழியில் எந்த வேறுபாடு பொருளை மாற்றுகிறதோ, அதையே காது காப்பாற்றி வைத்துக்கொள்கிறது. நம் ஆய்வாளர் வளர்ந்த தமிழில் இந்த இடத்தில் இரண்டே அடைப்பொலிகள்: த், ட். மூன்றாவதாக ஒன்று வந்தால் காது அதை இந்த இரண்டில் ஒன்றில் தள்ளப் பார்க்கும்.

இதில் ஒரு வியப்பு, அவள் நாள் முழுக்க ஆங்கிலமும் பேசுகிறாள். ஆங்கில t சொல்லும்போது அவள் நாக்கு நுனி கிட்டத்தட்ட ஆச்சியின் நாக்கு தொடும் அதே இடத்தைத் தொடுகிறது. வாய்க்குப் பழக்கமான இடம்தான். தமிழ் கேட்கும்போது அங்கே ஓர் ஒலியை அவள் காது எதிர்பார்ப்பதில்லை.

சரி, காதை நம்ப முடியாதபோது என்ன செய்வது? முதல் வேலை, ஊகித்து எழுதாமல் இருப்பது. அவள் அந்த இடத்தில் ஒரு வட்டம் போட்டு, பதிவில் எந்த நிமிடம், எந்த விநாடி என்று குறித்துக்கொள்கிறாள். ‘த்?’, ‘ட்?’ இரண்டையும் எழுதி வைக்கிறாள். ஒன்றைத் தேர்ந்துவிட்டால் அடுத்த முறையும் காது அதையே கேட்கும். களப்பணியில் இதைவிட ஆபத்தான பழக்கம் குறைவு.

அடுத்தது, ஒப்பிடுவது. தனி ஒலியை வெறுமனே கேட்டுக்கொண்டிருந்தால் ஒன்றும் புலப்படாது. மற்றதெல்லாம் ஒன்றாக இருந்து, ஓர் ஒலி மட்டும் மாறும் சொற்கள் வேண்டும். தமிழ் இதில் தாராளமானது:

பத்து, பற்று, பட்டு.
முத்து, முற்று, முட்டு.

இவற்றை எழுதிக் காட்டி வாசிக்கச் சொல்லக் கூடாது. எழுத்தைப் பார்த்ததும் யாருக்கும் பள்ளிக்கூடத்து உச்சரிப்பு வந்துவிடும். அதனால் பொருளைச் சொல்லிச் சொல்லை வரவழைக்கிறாள். “கல்யாணச் சீலை எதுல நெய்வாங்க ஆச்சி?” “ஒன்பதுக்கு அடுத்தது?” ‘பற்று’தான் கஷ்டம். “பிள்ளைங்க மேல இருக்கிற பாசத்துக்கு இன்னொரு வார்த்தை?” என்று கேட்டதும் ஆச்சி யோசித்துச் சொல்கிறார். சொல் வந்ததும் அதை “நான் ... எண்டு சொன்னன்” என்ற ஒரே வாக்கியத்துக்குள் வைத்துச் சொல்லச் சொல்கிறாள். சொற்களைக் கலைத்துப் போட்டுப் பல முறை கேட்கிறாள். சுற்றியுள்ள ஒலிகளும் பேச்சின் வேகமும் ஒரே மாதிரி இருந்தால்தான் ஒப்பீடு செல்லும்.

“என்ன பிள்ளை, ஒண்டையே திருப்பித் திருப்பிக் கேக்கிறாய்?” என்கிறார் ஆச்சி.

அவள் பதில் சொல்லாமல், தானே சொல்லிப் பார்க்கிறாள். “பட்டு.”

“பட்டெண்டால் சீலை.”

“பத்து.”

“அது பத்து, பதினொண்டு. நான் சொன்னது பற்று.”

இந்தச் சின்ன உரையாடலில் பாதி வேலை முடிந்துவிட்டது. ஆய்வாளருக்குக் கேட்காத வேறுபாடு ஆச்சிக்குத் தெளிவாகக் கேட்கிறது. அவர் இரண்டையும் தயங்காமல் மறுக்கிறார். ஆகவே ஆச்சியின் தமிழில் இந்த இடத்தில் மூன்று ஒலிகள் இருக்கின்றன, மூன்றும் பொருளை மாற்றுகின்றன. இப்படிப் பொருளை மாற்றும் ஒலியைத்தான் மொழியியலில் ஒலியன் என்கிறோம். எந்தக் கருவியும் தராத சாட்சியம் இது, பேசுபவர் மட்டுமே தரக்கூடியது. அவள் நாக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திச் சொல்லிக்கொண்டே போகிறாள். ஓரிடத்தில் ஆச்சி, “ஓம், இப்ப சரி” என்கிறார். அந்த நொடியில் அவள் நாக்கு நுனி மேல்பற்களுக்குப் பின்னால், ஈறு மேடாக எழும் இடத்தில் இருக்கிறது. பல்லைத் தொடவில்லை. ட் சொல்வதுபோல மேலே வளையவும் இல்லை.

தொல்காப்பியம் பிறப்பியலில் த, ந இரண்டையும் பல்லடியில் நாக்கு நுனி பரந்து ஒற்றுவதாகவும், ற, ன இரண்டையும் நுனி நாக்கு மேல்நோக்கிச் சென்று அண்ணத்தை ஒற்றுவதாகவும் தனித்தனியாகச் சொல்கிறது. ட, ண வேறொரு சோடி. நமக்கு எழுத்தில் மட்டும் மிஞ்சியிருக்கும் ஒரு பிரிவை, இன்னும் வாயில் வைத்திருக்கும் ஒருவரோடு அவள் பேசிக்கொண்டிருக்கிறாள்.

ஆனால் ஆச்சிக்கு மேல்வரிசை பல்செட். இதை விட்டுவிட்டு மேலே போக முடியாது. பல்செட் அண்ணத்தின் மீது ஒரு தகடு போல மூடியிருக்கும், நாக்கு தொடும் இடத்தை மாற்றும். விழுந்த பல்லோ புதுப் பல்லோ ஒலியைத் திரித்துவிட்டு, ஆய்வாளர் அதை வட்டாரப் பேச்சு என்று எழுதிவிடுவது முதியவர்களைப் பதிவு செய்வதில் உண்மையாகவே நிகழக்கூடிய தவறு. எப்படிப் பிரித்தறிவது? ஒலி எங்கெல்லாம் வருகிறது என்று பார்க்க வேண்டும். பல்செட்தான் காரணம் என்றால் பத்து, முத்து, அத்தை எல்லாவற்றிலும் அதே மாற்றம் தெரிய வேண்டும். அவள் பட்டியல் போடுகிறாள். நேற்று, காற்று, புற்று, வெற்றிலை: எல்லாவற்றிலும் அந்த ஒலி. பத்து, முத்து, அத்தை: ஒன்றில்கூட இல்லை. ற்ற வரும் சொற்களில் மட்டும் ஒழுங்காக வருகிற ஒன்றைப் பல்செட் உண்டாக்க முடியாது. இருந்தாலும் சொந்தப் பல் உள்ள இன்னொருவரையும் பதிவு செய்ய வேண்டும் என்று குறித்துக்கொள்கிறாள்.

நாக்கு தொடும் இடத்தை நேராகவே பார்க்கவும் ஒரு வழி உண்டு. மரக்கரித் தூளை ஆலிவ் எண்ணெயில் குழைத்து நாக்கில் பூசி, சொல்லை ஒருமுறை சொல்லச் செய்து, வாய்க்குள் கண்ணாடி வைத்து அண்ணத்தைப் படம் எடுப்பார்கள். கரி ஒட்டிய இடமே நாக்கு தொட்ட இடம். இளம் மாணவர்களோடு செய்யலாம். எண்பது தாண்டியவரிடம் கேட்பதற்கே அவளுக்கு மனம் வரவில்லை, கேட்கவும் இல்லை. அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். வேறு சான்று கிடைக்கும்போது ஒருவரின் வாயில் கரி பூசத் தேவையில்லை.

அந்த வேறு சான்று ஒலிப்படம். ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் உருவான பிராட் என்ற இலவச மென்பொருளில் பதிவைத் திறந்தால், இடமிருந்து வலமாக நேரமும் கீழிருந்து மேலாக அலைவரிசையும் கொண்ட ஒரு படம் வரும். உயிரொலி வரும் இடங்களில் கருமையான பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரியும். கீழிருந்து முதல், இரண்டாம், மூன்றாம் பட்டை என்று எண்ணுவார்கள். வாயின் வடிவம் மாற மாற அவை ஏறி இறங்கும்.

புதிதாகப் பார்ப்பவர்கள் நேராக மெய்யொலியைத் தேடுவார்கள். அங்கே வெறும் வெள்ளைதான். வாய் அடைபட்டிருக்கும் நேரம் அது, சத்தமே இல்லை. த், ற், ட் மூன்றின் அடைப்பும் ஒரே மாதிரி வெறுமையாக இருக்கும். பார்க்க வேண்டியது அதற்கு முந்தைய உயிரின் கடைசிப் பகுதியை. ‘பட்டு’வில் அகரம் முடியும் முன்பே நாக்கு வளையத் தொடங்கிவிடுகிறது. அதனால் மூன்றாம் பட்டை கீழே சரிந்து இரண்டாம் பட்டையை நெருங்கும். பெண் குரலில் அகரத்தின் மூன்றாம் பட்டை பொதுவாக 2,500 முதல் 3,000 ஹெர்ட்ஸ் வரை எங்காவது இருக்கும். அங்கிருந்து அது சரிவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ‘பற்று’வில் அந்தச் சரிவு இல்லை. ஆக, ட் இல்லை என்பது முடிவாகிறது. அடைப்புக்குப் பிறகு வரும் உகரத்தைப் பார்த்தால் இவ்வளவு தெளிவு கிடைக்காது. வளைநாவொலியில் அடைப்பு நீடிக்கும்போதே நாக்கு முன்னோக்கி நழுவி, விடுபடும் நேரத்தில் மற்ற ஒலிகளின் இடத்துக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது.

த்-ஐயும் ற்-ஐயும் பிரிப்பது இதைவிடச் சிரமம். அங்கேதான் வெடிப்பு உதவுகிறது. பல்லில் நாக்குப் பரந்து படியும் த், விடுபடும்போது மெலிதாக, பரவலாகத் தெரியும். நுனி மட்டும் பட்டு விலகும் ற், குறுகலாகவும் அழுத்தமாகவும், மேல் அலைவரிசையில் அதிகக் கருமையோடும் தெரியும். விசிறியை நிறுத்தியது இதற்காகத்தான்.

இங்கே தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. பிராட் தானாகப் பட்டைகளைப் பின்தொடர்ந்து சிவப்புப் புள்ளிகள் போடும். அதற்கு மேல் எல்லை ஒன்று கொடுக்க வேண்டும். பெண் குரலுக்கு வழக்கமாக 5,500 ஹெர்ட்ஸ், ஆண் குரலுக்கு 5,000. பொருந்தாத எல்லை கொடுத்தால் புள்ளிகள் ஒரு பட்டையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும். இல்லாத சரிவு இருப்பதுபோலத் தெரியும். புள்ளிகள் கருமையான பட்டையின் மேலேயே ஓடுகின்றனவா என்று கண்ணால் சரிபார்க்காமல் எண்ணை எடுத்து எழுதக் கூடாது.

இப்போது எழுதலாம். ஒலிப்பு எழுத்தில் t என்ற ஒரே குறி பல், ஈற்று மேடு, அதற்குச் சற்றுப் பின் ஆகிய மூன்று இடங்களுக்கும் பொது. பல்லில் என்று தெளிவாகச் சொல்ல அடியில் ஒரு சின்னக் குறி சேர்க்க வேண்டும். வளைநாவுக்கு வால் முளைத்த தனி எழுத்து. இரட்டிப்புக்கு ː. ஆச்சியின் மூன்று சொற்களும் இப்படி வருகின்றன:

பத்து: [pat̪ːɯ]
பற்று: [patːɯ]
பட்டு: [paʈːɯ]

மூன்றிலும் சாதாரணமானது நடுவில் இருப்பதுதான். கூடுதல் குறி எதுவும் இல்லாத வெறும் t. அவ்வளவு நேரம் அவளுக்குப் பிடிபடாமல் போனது அட்டவணையின் மிக எளிய எழுத்துகளில் ஒன்று.

எல்லாமே இப்படி முடிவுக்கு வரவில்லை. ஆச்சி தேவாரம் சொன்னபோது வந்த சில ற்ற-க்களில், அடைப்பு விடுபடும் கணத்தில் மெலிதான ஓர் அதிர்வு கேட்கிறது. ர் என்று சொல்லுமளவுக்கு இல்லை, ஒன்றுமில்லை என்று தள்ளவும் முடியவில்லை. பாடும் முறையா, இத்தனை வருடம் இங்கே கேட்ட தமிழின் சாயலா? ஒலிப்படமும் தெளிவாகச் சொல்லவில்லை. அவற்றை [tː] என்று எழுதி, பக்கத்தில் கேள்விக்குறியும் பதிவின் நேரமும் போட்டு வைக்கிறாள். பின்னால் வருபவர் கேட்டுத் தீர்மானிக்க மூலப்பதிவு இருக்கிறது.

இன்னொன்றையும் அவள் கவனித்தாள். ஆச்சி ‘ஒன்று’ என்பதை ‘ஒண்டு’ என்றார், ‘மூன்று’ என்பதை ‘மூண்டு’ என்றார். ன்ற வரும் இடத்தில் பழைய ஒலி யாழ்ப்பாணத்திலும் மாறிவிட்டது, ண்ட-வோடு கலந்துவிட்டது. நம் பேச்சிலோ அது ‘ஒண்ணு’, ‘மூணு’ ஆகிவிட்டது. ஆகவே ஆச்சியின் தமிழ் பழமை மாறாமல் அப்படியே இருக்கிறது என்று எழுதினால் தவறு. ற்ற-வில் காத்து வைத்திருக்கிறது, ன்ற-வில் விட்டுவிட்டது.

ஆச்சியின் மூன்றாவது ஒலி எழுத்திலும் தடம் விட்டிருப்பதைப் புலம்பெயர்ந்த இலங்கைத் தமிழர் எழுதும் எதிலும் பார்க்கலாம். நாம் டொரன்டோ என்று எழுதும் ஊரை அவர்கள் ரொறன்ரோ என்கிறார்கள். நம் கிரிக்கெட் அவர்களுக்குக் கிரிக்கெற். இதைப் பார்த்து எழுத்துப் பிழை என்று நினைப்பவர்களைக் கண்டிருக்கிறேன். பிழை இல்லை. ஆங்கில t ஈற்று மேட்டில் பிறக்கும் ஒலி. அதற்கு நெருக்கமான அடைப்பொலி அவர்கள் பேச்சில் இருந்தது, அதனால் ட-வை விட்டு, ஆங்கில t-க்குக் கிரிக்கெற்றில் ற்-ஐயும் ரொறன்ரோவில் ர-வையும் போட்டார்கள். நம் பேச்சில் அது இல்லை, அதனால் இருப்பவற்றில் பக்கத்தில் தெரிந்த ட-வைப் பிடித்துக்கொண்டோம். அவள் அடுத்த சந்திப்புக்கான பட்டியலில் பஸ் டிக்கெட்டையும் சேர்த்துக்கொள்கிறாள். ஆச்சி அதை எப்படிச் சொல்கிறார் என்று கேட்க வேண்டும், எழுதிக் காட்டாமல்.